மாமாவின் பெயரில் இன்னொரு மாமா

"பணம் ஏதும் போயிருக்கிறதா?" போலிக் கணக்குப் புகாரோடு காவல் நிலையத்துக்குப் போகிற எவரையும் வரவேற்கிற முதல் கேள்வி இதுதான். வழக்கறிஞராக இருப்பதால் இந்தக் கேள்வியைப் பல முறை பிறர் சார்பில் கேட்டிருக்கிறேன், பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 2025இல் அது என் தாய்மாமாவிடம் கேட்கப்பட்டபோதுதான் உறுத்தியது. போகவில்லை என்று அவர் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை மூடி வைத்தார். அந்தச் செய்கையில் கடுமை ஒன்றும் இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்த ஒருவரின் இயல்பான அசைவு அது. அந்தக் கேள்வி தவறா, சரியா என்று இன்றுவரை எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவர். முகநூலில் அவருக்கு இருக்கிற நண்பர்களில் பெரும்பாலோர் பழைய மாணவர்கள். ஒருநாள் திருப்பூரிலிருந்து ஒரு மாணவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், கட்டில் பீரோ எல்லாம் எப்போது வண்டி ஏறும்?" என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்ததில் கதை வெளியே வந்தது. மாமாவின் பெயர், மாமாவின் படத்தோடு முதல் நாள் மாணவருக்கு நட்பு அழைப்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே நண்பராக இருந்தவர்தானே, பழைய கணக்கு போய்விட்டது போலிருக்கிறது என்று அவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நலம் விசாரிப்பு, பிறகு வாட்ஸ்அப் எண் கேட்பு, பிறகு ஒரு சேதி. தன் நண்பர் ஒருவர் சி.ஆர்.பி.எஃப். அதிகாரி, அவருக்கு மாறுதலாகிவிட்டது, வீட்டுச் சாமான்களைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறார், உனக்கு வேண்டுமானால் நான் சொல்கிறேன். 'அதிகாரி'யே வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினார். மாணவர் யு.பி.ஐ. வழியாக 15,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார்.

இந்தச் சி.ஆர்.பி.எஃப். கட்டில் பீரோக் கதை நாடெங்கும் ஓடித் தேய்ந்த கதை. ஆட்சியர்கள், காவல்துறை உயரதிகாரிகள் பெயர்களில்கூட இதே கணக்குகள் முளைத்து, அவர்களே தங்கள் பக்கத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அப்படியும் அது வேலை செய்கிறது, காரணம் அதில் ஆசைகாட்டுகிற பகுதி சிறியது, நம்பிக்கை பெரியது. மாணவர் அந்த அதிகாரியை நம்பவில்லை, மாமாவை நம்பினார். "வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டபோதே யோசித்திருக்க வேண்டும் சார், என் எண்தான் உங்களிடம் இருக்கிறதே. அதுவும் ஆங்கிலத்தில் கேட்டீர்கள்," என்று பிற்பாடு அவர் சொன்னபோது மாமா ரொம்பவும் வருத்தப்பட்டது அந்த ஆங்கிலத்துக்குத்தான். அதில் இலக்கணப் பிழை இருந்தது.

முதலில் எதைச் செய்வது

மாமாவின் மகன் உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்: எல்லோரும் அந்தக் கணக்கைப் புகார் செய்யுங்கள், ஐம்பது பேர் செய்தால் தானாகப் போய்விடும். பரவலாக இருக்கிற நம்பிக்கை இது. எத்தனை பேர் புகார் செய்கிறார்கள் என்பது ஒரு பொருட்டல்ல என்று முகநூலே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. பெயருக்குரியவர் தரும் ஒரு புகாருக்கு, ஊரே சேர்ந்து தரும் ஐம்பது புகார்களைவிட மதிப்பு அதிகம். நான் அவனைத் தடுத்ததற்குக் காரணம் வேறு. புகார் பலித்து அந்தக் கணக்கு மறைந்துவிட்டால், நம் கண்ணுக்குத் தெரிகிற சான்றும் அதோடு மறைந்துவிடும். முகவரிகூடக் குறித்துவைக்காமல் கணக்கை நீக்கவைத்துவிட்டு, "அப்படி ஒரு கணக்கு இருந்தது ஐயா" என்று நிலையத்தில் போய் நிற்பவர்கள் ஏராளம்.

மாமா தன் கைபேசியில் தேடினால் அந்தக் கணக்கு கிடைக்கவே இல்லை. தேடலில் வராது, நேரே இணைப்பைத் தட்டினாலும் 'இந்தப் பக்கம் இல்லை' என்றே வரும். நீக்கப்பட்டுவிட்டது என்று அவர் நிம்மதியடையப் பார்த்தார். போலிக் கணக்கு தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம், உண்மையானவரைத் தடை செய்துவிடுவது. அவர் கண்ணில் பட்டால் ஆட்டம் கலைந்துவிடும் அல்லவா. ஆகவே வேறொருவர் கைபேசியில் பார்த்தால்தான் தெரியும். திருப்பூர் மாணவரையே செய்யச் சொன்னோம். செயலியில் பார்க்காமல் உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மேலே முகவரிக் கட்டத்தில் இப்படி இருந்தது:

```
facebook.com/profile.php?id=
```

அதன் பின்னால் நீளமாக ஒரு எண். அந்த எண்தான் முக்கியம். கணக்கின் பெயரையும் படத்தையும் நாளைக்கே மாற்றி, மாமாவை இன்னொரு ஊர்ப் பேராசிரியராக்கிவிட முடியும், எண் மாறாது. காவல்துறை முகநூல் நிறுவனத்திடம் விவரம் கேட்கும்போது பெயரை வைத்துக் கேட்க முடியாது, மாமாவின் பெயரில் தமிழ்நாட்டில் நூறு பேராவது இருப்பார்கள். முகவரியோ எண்ணோ வேண்டும். அதை எழுத்தாகப் படி எடுத்துக்கொண்டு, முகப்புப் பக்கம், நட்பு அழைப்பு, உரையாடல் முழுவதும், வாட்ஸ்அப் எண் தெரியும்படி அதன் உரையாடல், பணம் அனுப்பிய திரை எல்லாவற்றையும், ஓரம் வெட்டாமல், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி படம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன். படம் பிடித்தது வெறும் நகல், மூலம் அந்தக் கைபேசிக்குள்தான் இருக்கிறது. பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், இன்னொரு பகுதியில் வல்லுநர். அந்தப் பொறுப்பானவர் மாணவர்தான். வழக்கு நடக்கிறவரை அந்தக் கைபேசியை விற்பதோ பழைய நிலைக்கு மீட்டமைப்பதோ கூடாது.

இவ்வளவும் ஆன பிறகுதான் புகார். முகநூலில் கணக்கின் மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, போலிக் கணக்கு என்பதைத் தேர்ந்தால், யாராக நடிக்கிறார்கள் என்று கேட்கும். மாமா தடை செய்யப்பட்டிருந்ததால் மாணவர் 'என் நண்பர்' என்பதைத் தேர்ந்து மாமாவின் உண்மைக் கணக்கைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அந்தக் கணக்கு எங்கள் விதிகளை மீறவில்லை. இந்தப் பதிலைப் பார்த்துத்தான் பாதிப் பேர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். அது இயந்திரம் தந்த பதில், மறுபரிசீலனை கேட்கலாம். அதைவிட நல்ல வழி, 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் நியமித்திருக்க வேண்டிய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுவது. அவர் பெயரும் தொடர்பு முறையும் தளத்திலேயே வெளியிடப்பட்டிருக்க வேண்டும். சாதாரணக் குறைகளுக்கு அப்போது 15 நாள் கெடு. ஆனால் ஒருவராக நடிக்கும் கணக்கு, அவருடைய ஒட்டுவேலை செய்த படம் போன்றவற்றுக்கு, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 3(2)(ஆ) விதி தனியாகச் சொன்னது. நான் எழுதிய கடிதத்தில் இந்த விதி எண்ணை முதல் வரியிலேயே போட்டேன். மாமாவின் அடையாள அட்டை, போலிக் கணக்கின் முகவரி, உண்மைக் கணக்கின் முகவரி. அவ்வளவுதான், ஆதங்கமெல்லாம் வேண்டாம். மறுநாள் கணக்கு போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போயிருப்போம். `gac.gov.in` என்ற தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை என்று என் தொழிலுக்கு விரோதமாகச் சொல்லி வைக்கிறேன்.

நீக்கிவிட்டால் நிறுவனத்திடம் எல்லாம் அழிந்துவிடும் என்றும் பயப்பட வேண்டாம். நீக்கப்பட்டதை விசாரணைக்காக 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஆனால் அது 180 நாள்தான். நிலையத்தில் கோப்பு அந்த நாள்களைத் தூங்கிக் கழித்துவிட்டால் கதை முடிந்தது. காவல்துறை முன்கூட்டியே பாதுகாத்து வைக்கும்படி கேட்டால் முகநூல் நிறுவனம் 90 நாளுக்குத் தனியாகப் பாதுகாக்கிறது. அந்த வேண்டுகோள் போயிற்றா என்பதை மரியாதையோடு, ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பேனா மூடப்பட்ட இடம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மாமாவுக்குப் பணம் போகவில்லை. போனது மாணவருக்கு. அவரோ திருப்பூரில் இருக்கிறார். அப்படியானால் மாமாவின் புகார் என்ன?

"என் பெயரில் யாரோ பிச்சை எடுத்திருக்கிறான். அதற்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா மாப்பிள்ளை?" என்று நிலையத்தின் வாசலிலேயே மாமா என்னைக் கேட்டார்.

இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, இன்னொருவரின் மின்கையொப்பம், கடவுச்சொல் அல்லது வேறு எந்தத் தனித்த அடையாளத்தையும் மோசடியாகவோ நேர்மையற்றோ பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 66டி பிரிவு கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியது, தண்டனை அதே அளவு. முதல் பிரிவில் பாதிக்கப்பட்டவர் மாமா, இரண்டாவதில் மாணவர். ஒரே செயல், இரண்டு குற்றங்கள், இரண்டு பாதிக்கப்பட்டவர்கள். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் எல்லோரும் பணத்தைத் தேடுகிறார்கள். 66சி பிரிவில் பணம் போயிருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. கெட்ட நோக்கத்தோடு பயன்படுத்தினாலே குற்றம் முழுமையாகிவிடுகிறது. அதே சட்டத்தின் 77பி பிரிவின்படி 3 ஆண்டுத் தண்டனை உள்ள குற்றம் பிடியாணை இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கத்தக்கது, கூடவே பிணையில் விடத்தக்கதும்கூட. 78ஆம் பிரிவின்படி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். பேனாவை மூடிய காவலர் அதைத் தீர்மானிக்கிற இடத்தில் இல்லை.

ஆனால் இந்தப் பிரிவில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பெயரும் படமும் 'தனித்த அடையாளம்' ஆகுமா? எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்தால் நானே இதைத்தான் முதலில் பிடிப்பேன். கடவுச்சொல், மின்கையொப்பம் என்ற வரிசையில் வருவதால் அவற்றைப் போன்ற ஒன்றைத்தான் சட்டம் குறிக்கிறது, மாமாவின் பெயரில் நூறு பேர் இருக்கும்போது அது எப்படித் தனித்ததாகும் என்று வாதாடலாம். என் பதில், பெயர் தனித்ததல்ல, முகம் தனித்தது, பெயரும் முகமும் பள்ளியின் பெயரும் சேர்ந்தால் அது ஒரே ஒரு மனிதர்தான். நடைமுறையில் காவல்துறை இத்தகைய புகார்களை 66சி, 66டி இரண்டிலும்தான் பதிவு செய்கிறது. நோக்கம்தான் இன்னும் சிக்கல். வெறுமனே கணக்கு தொடங்கி, படம் போட்டு, இன்னும் ஒருவரிடமும் பணம் கேட்காமல் இருக்கிறவனிடம் நேர்மையற்ற நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? பணம் கேட்டுவிட்டான், யாரும் தரவில்லை என்றால் ஏமாற்ற முயன்றான் என்ற அளவிலாவது நிற்கும். ஒன்றும் கேட்காத போலிக் கணக்கை நீக்க வைக்கலாம், தண்டிக்க வைப்பது கடினம். என் அனுபவத்தில் மக்களுக்கு ஏற்பதற்குக் கஷ்டமான செய்தி இதுதான்.

பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 319ஆம் பிரிவு ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு 5 ஆண்டு வரை தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 419இல் அது 3 ஆண்டாக இருந்தது. ஏமாற்றிப் பணத்தைக் கொடுக்கவைத்தால் 318(4), அதில் 7 ஆண்டு வரை. மாணவரின் 15,000 இந்தப் பிரிவில் வரும். ஒருவரின் பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு பொய்ப் பத்திரமோ மின்பதிவோ உருவாக்கினால் 336(4).

இந்தக் கடைசிப் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்கதை உண்டு. 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் முடிந்த சுகாஸ் கட்டி வழக்கு. விவாகரத்துப் பெற்ற ஒரு பெண்ணின் பெயரில் பொய் மின்னஞ்சல் தொடங்கி, யாகூ குழுவில் ஆபாசமாக எழுதி, அந்நியர்கள் அவருக்குத் தொலைபேசியில் தொல்லை தரும்படி செய்திருந்தான் அவருக்குத் தெரிந்த ஒருவன். அன்று 66சி கிடையாது, அது 2009 அக்டோபரில்தான் நடப்புக்கு வந்தது. எனவே ஆபாசத்துக்கான 67ஆம் பிரிவையும், பெயரைக் கெடுக்கப் பொய்ப் பத்திரம் புனைவதற்கான தண்டனைச் சட்டம் 469ஐயும், பெண்ணின் மானத்தை அவமதிக்கும் 509ஐயும் சேர்த்தார்கள். முதல் தகவல் அறிக்கையிலிருந்து ஏழு மாதத்தில் தண்டனை. இணையக் குற்றங்களில் நாட்டின் முதல் தண்டனைகளில் ஒன்று என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை என்பதை அந்த நிலையத்தில் எடுத்துச் சொன்னேன். காவலருக்கு அது பிடித்ததா என்று தெரியாது, பேனா திறந்தது. புகாரைப் பெற்றுக்கொண்டு, புகார் வந்ததற்கு அடையாளமாக நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

ரசீது முதல் தகவல் அறிக்கை அல்ல. `cybercrime.gov.in` தளத்தில் பதிவு செய்து வருகிற ஒப்புகை எண்ணும் முதல் தகவல் அறிக்கை ஆகாது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வழக்கு பதிவாகிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அங்கும் ஒன்றும் நடக்காவிட்டால் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான்.

பணத்தின் பின்னால்

சட்டப்படி அந்தக் கேள்வி தவறு என்று இவ்வளவு நேரம் வாதாடிவிட்டேன். விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அதே கேள்வியில் நியாயம் தெரிகிறது, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

போலிக் கணக்கின் வழியே போனால் என்ன கிடைக்கும்? முகநூல் நிறுவனம் தருவது கணக்கு தொடங்கப் பயன்பட்ட கைபேசி எண் அல்லது மின்னஞ்சல், பிறகு உள்நுழைந்த ஐ.பி. முகவரிகளும் நேரமும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் அந்த முகவரி அந்த நிமிடத்தில் வேறொரு சந்தாதாரரைக் காட்டும், நள்ளிரவில் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படும். சரியாகக் கூட்டினாலும், கைபேசி நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் மிகப் பலருக்குப் பகிர்ந்து தருகின்றன. அதில் ஒருவரைப் பிரித்தெடுக்க இணைப்பின் போர்ட் எண்ணும் வேண்டும், அது எப்போதும் கிடைப்பதில்லை. கைபேசி எண்ணோ பெரும்பாலும் வேறு யாருடைய ஆவணத்திலோ வாங்கிய சிம்.

பணம் அப்படி இல்லை. அது ஒரு வங்கிக் கணக்கில்தான் போய் விழுந்தாக வேண்டும். மாணவர் பணம் அனுப்பியபோதே யு.பி.ஐ. திரையில் பெறுபவர் பெயர் வந்திருக்கிறது. 'சி.ஆர்.பி.எஃப். அதிகாரி' சொன்ன பெயர் ஒன்று, திரையில் வந்தது வடமாநிலத்துப் பெண் ஒருவரின் பெயர். அதிகாரியின் மனைவி போலிருக்கிறது என்று இவரே காரணம் கற்பித்துக்கொண்டார். அந்தக் கணக்கும் கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்டதாகத்தான் இருக்கும். ஆனாலும் அது உயிரோடு இருக்கிற ஒருவருடைய கணக்கு, அங்கிருந்து அடுத்த கணக்குக்கு நூல் போகிறது.

ஆகவே மாமாவிடம் பேசி முடித்த கையோடு மாணவரை 1930க்குக் கூப்பிடச் சொன்னோம். நிதி மோசடிக்கான அந்த எண்ணில் பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம், வங்கி ஆகியவற்றைக் கேட்பார்கள். செய்தி வங்கிகளுக்குப் போய், பணம் இன்னும் இருக்கிற கணக்கில் அந்த அளவு தொகையை நிறுத்திவைப்பார்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுகிறது, ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் முடிந்தது. மாணவர் ஓர் இரவு முழுக்கக் கட்டில் வரும் என்று காத்திருந்துவிட்டதால் 15,000இல் 6,000தான் நின்றது. மாமாவின் புகாரிலும் மாணவரின் புகாரிலும் ஒன்றின் எண்ணை மற்றதில் குறிப்பிட்டோம். இல்லாவிட்டால் ஒரே போலிக் கணக்கு இரண்டு மாவட்டங்களில் இரண்டு தனிக் காகிதங்களாகக் கிடந்திருக்கும். மாமாவின் புகாரில் ஆள் இருக்கிறார், பணம் இல்லை. மாணவரின் புகாரில் பணம் இருக்கிறது, அது யாருடைய முகத்தை வைத்துப் பறிக்கப்பட்டது என்பதற்கு மாமாதான் சாட்சி.

எனவே விசாரணைக்கு வழி தேடுகிறவர் 'பணம் போயிருக்கிறதா' என்று கேட்டால் அது கெட்டிக்காரத்தனம். புகாரை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யக் கேட்டால் அது சட்டவிரோதம். இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான் என்பதால் கேட்பவருக்கே எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிவதில்லை.

மாமா மீதி 9,000ஐத் தானே மாணவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சட்டப்படி அவருக்கு ஒரு பைசாக் கடமையும் கிடையாது என்று விளக்கினேன். "எந்தச் சட்டத்தின்படியும் அவன் எனக்குப் பணம் அனுப்பவில்லை, சார் சொன்னார் என்று அனுப்பினான்," என்றார். மாணவர் வாங்க மறுத்துவிட்டார், அதில் இருவருக்கும் கொஞ்ச நாள் பேச்சே இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட 6,000ஐ விடுவிக்க மாணவர் தரப்பில் நடுவர் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில் மனு போட்டு, உத்தரவு வாங்கி வங்கிக்குக் கொடுத்தோம், வந்துவிட்டது. கணக்கை வாடகைக்கு விட்டவரின் முகவரி கிடைத்திருக்கிறது, ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மாமாவின் நண்பர் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மாற்றிக்கொடுத்தேன், அந்தப் பட்டியல் திறந்திருந்ததால்தான் யாருக்கெல்லாம் அழைப்பு அனுப்புவது என்று அவனுக்குத் தெரிந்தது. படத்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்கிறார். பணி ஓய்வு நாளில் பள்ளியில் எடுத்த படமாம்.